பீடி சுற்றும் பெண்களின் வேலையும் உடல்நலமும்: ஆய்வு அறமும் தரவு மேலாண்மையும் குறித்த திட்டம்

பெறுநர்: நிறுவன அறநெறிக் குழு
முனைவர் பட்ட ஆய்வு, சமூகவியல் துறை. ஜூன் 2026 – மே 2028

தென்காசி மாவட்டத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் 30 பெண்களிடம், மூன்று ஊர்களில், ஒலிப்பதிவோடு பேட்டி எடுக்க இருக்கிறேன். ஊர்ப் பெயர்களை இந்தத் திட்டத்தில் எழுதவில்லை. இந்தக் கோப்பு பல கைகளுக்குப் போகும்.

யாரிடமிருந்து பாதுகாப்பு

இந்த ஆய்வின் தரவை வெளியூர்க்காரர் யாரும் திருட வரப்போவதில்லை. எனக்குக் கவலை, ஆய்வேட்டைப் படிக்கும் உள்ளூர்க்காரர்தான். ஏற்கப்பட்ட ஆய்வேடு சோத்கங்கா தளத்தில் ஏறும். கைபேசி உள்ள எவரும் திறந்து படிக்கலாம். பீடிக்கடையில் இலையும் தூளும் குறைவாகத் தருவது, சுற்றிக் கொடுத்ததில் கட்டுக்கட்டாகக் கழித்துவிடுவது, வேறொருத்தியின் பாஸ்புத்தகத்தில் வேலை பார்ப்பது, பி.எப். பிடித்தம் பற்றியெல்லாம் பெண்கள் பேசுவார்கள். பேசியது யார் என்று கடைக்காரருக்குத் தெரிந்தால் மறுநாள் அவருக்கு இலை கிடைக்காது. கீழே உள்ள ஒவ்வொரு முடிவும் இதை வைத்தே எடுத்தது.

ஜூன் – ஆகஸ்ட் 2026: அனுமதி, தயாரிப்பு

உடல்நலம் பற்றியும் கேட்பதால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 வழிகாட்டு நெறிகளைப் பின்பற்றுகிறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஆய்வுப் பணிக்கு நிபந்தனையோடு விலக்குத் தருகிறது. அந்த விலக்கைச் சாக்காக வைத்து ஒப்புதலைச் சுருக்கப்போவதில்லை.

குழுவிடம் ஒரு தனி அனுமதி கேட்கிறேன்: கையெழுத்துக்குப் பதிலாக ஒலிப்பதிவில் வாய்மொழி ஒப்புதல். கைநாட்டு வாங்கினால் பெயரோடு ஒரு காகிதம் உருவாகும். ஏப்ரல் 2027-இல் பெயர்ப் பட்டியலை எரித்த பிறகும் அந்தக் காகிதம் ஆபத்தாக நிற்கும். போதாததற்கு, காகிதத்தில் பெருவிரல் வைப்பது என்றாலே கடன் பத்திரம் நினைவுக்கு வருபவர்கள் அதிகம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக உடனிருப்பார். அவர் யார் என்பதைப் பங்கேற்பவரே முடிவு செய்வார்.

கடைக்காரர், ஏஜெண்ட், சங்கப் பொறுப்பாளர் எவர் மூலமாகவும் ஆள் தேட மாட்டேன். அவர்கள் சொல்லி வருபவர் மறுக்க முடியாது.

செப்டம்பர் 2026: முன்னோட்டம்

இரண்டு பேட்டிகள் மட்டும். ஒப்புதல் வாசகம் புரிகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். வாசித்துக் காட்டப்போவது இது:

"அக்கா, நான் காலேஜ்ல ஆராய்ச்சி படிக்கேன். பீடி வேலையப் பத்தி உங்ககிட்ட ஒரு ஒன்றரை மணி நேரம் பேசணும். நீங்க பேசுறத இந்த மிஷின்ல பதிவு பண்ணுவேன். வேண்டாம்னா பதிவு பண்ணாம எழுதிக்கிடுதேன். உங்க பேரு, ஊரு, கடை பேரு எதையும் புஸ்தகத்துல எழுத மாட்டேன். நீங்க சொன்னதுல சிலது புஸ்தகத்துல வரும், யாரு வேணும்னாலும் படிக்கலாம். எந்தக் கேள்வி பிடிக்கலையோ அத விட்டுறலாம். பாதில நிறுத்தினாலும் இந்த இருநூறு ரூவா உங்களுக்குத்தான். இதனால கடைல கூலி கூடும், பென்ஷன் வரும்னு நான் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிறேன்: சின்னப் பிள்ளைய யாராவது தப்பா நடத்துனாங்கன்னு தெரிஞ்சா, சட்டப்படி நான் சொல்லித்தான் ஆகணும். பேசுறதும் பேசாததும் உங்க இஷ்டம். பங்குனி முடியுறதுக்குள்ள எப்ப வேணும்னாலும் 'என்னைய எடுத்துரு'ன்னு சொல்லலாம்."

சின்னப் பிள்ளை பற்றிய வரி போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு விதிக்கும் கடமை. முழு ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவதைவிட, பேச்சு தொடங்குமுன்பே சொல்லிவிடுவது நேர்மை.

200 ரூபாய், பேசும் நேரத்தில் கை ஓடாமல் போகும் பீடிக்கு ஈடு. பேட்டிக்கு முன்பே கையில் கொடுத்துவிடுவேன். சுற்றிக்கொண்டே பேச விரும்பினால் அதுவும் சரி. கத்தரிச் சத்தம் பதிவில் விழுந்தால் விழட்டும்.

அக்டோபர் 2026 – ஜனவரி 2027: பேட்டிகள், சேமிப்பு

ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை போவேன். முதல் முறை விளக்கம் மட்டும், யோசிக்க மூன்று நாளாவது இடைவெளி, பிறகே பேட்டி. பேட்டி முடிந்ததும் ஓர் எண்ணும் துறையின் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டை கொடுப்பேன். பொங்கல் வாரத்தில் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

பதிவுக்குக் கைபேசி கூடாது. தானாகவே இணையச் சேமிப்புக்குப் போய்விடும். இணைய இணைப்பில்லாத தனி ஒலிப்பதிவுக் கருவி வாங்கப்படும். கோப்புப் பெயரில் எண் மட்டும் இருக்கும், தேதி இருக்காது: எந்த நாள் யார் வீட்டுக்கு வந்தேன் என்பது தெருவுக்கே தெரியும். அன்றிரவே மடிக்கணினியில் VeraCrypt கொண்டு பூட்டிய பகுதிக்கு நகல் எடுப்பேன். இரண்டாம் நகல், அதேபோல் பூட்டிய வன்தட்டில், நெறியாளர் அறையின் இரும்பு பீரோவில். இரண்டு நகலிலும் இந்தக் கட்டளையை ஓட்டி, வரும் விடை ஒன்றுதானா என்று பார்த்த பிறகே கருவியில் அழிப்பேன்:

```
sha256sum K07.wav
```

ஒப்புதல் பதிவு தனிக் கோப்பு. அதில் எண் சொல்லப்படாது. அது நெறியாளரிடம் மட்டும் இருக்கும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் ஒரே ஒரு நோட்டில், கையால் எழுதி, துறைத் தலைவரின் பூட்டில் இருக்கும். கணினியில் ஏற்ற மாட்டேன்.

பேச்சை எழுத்தாக்க இரு மாணவர்கள் உதவுவார்கள். இருவரும் வேறு மாவட்டத்தவர். ரகசிய உறுதிமொழி எழுதித் தருவார்கள். துறைக் கணினியிலேயே உட்கார்ந்து செய்வார்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல் வழியாக ஒலிக்கோப்பு போகாது.

மடிக்கணினியோ கருவியோ தொலைந்தால் அன்றே நெறியாளருக்கும், மூன்று நாளுக்குள் குழுவுக்கும் தெரிவிப்பேன். சம்பந்தப்பட்ட பெண்களிடம் நேரில் போய்ச் சொல்வேன்.

பிப்ரவரி – மார்ச் 2027: அடையாளம் நீக்குதல்

பெயரை மாற்றினால் மட்டும் போதாது. எழுத்தாக்கத்தில் இப்படி ஒரு வரி வந்தால்:

"எம் வீட்டுக்காரர் கேரளாவுல கிணறு வெட்டப் போயி செத்தாரு, மூணும் பொட்டப்புள்ள, மூத்தவ நர்சு."

ஊரில் இது ஒரே ஒரு வீடு. ஆய்வேட்டில் "கணவர் வெளியூர் வேலையில் இறந்தார், பிள்ளைகள் உண்டு" என்ற அளவில் என் சொற்களில்தான் வரும். நேரடி மேற்கோளாக வராது. வயது பத்தாண்டுப் பிரிவாகும். ஊர்கள் அ, ஆ, இ. கடை, நிறுவனப் பெயர்கள் நீங்கும். சாதியை நான் கேட்கப்போவதில்லை. அவர்களாகச் சொன்னாலும் தனிநபர் விவரத்தோடு சேர்த்து எழுத மாட்டேன். அரிதான நோயின் பெயர் பொதுவான சொல்லாகும். நெல்லைப் பேச்சை நல்ல தமிழாகத் திருத்துவதில்லை, ஆனால் ஒருவருக்கே உரிய வாய்ப்பழக்கச் சொல் இருந்தால் எடுத்துவிடுவேன்.

பிறகு, பயன்படுத்தவிருக்கும் மேற்கோள்களை அந்தந்தப் பெண்ணுக்கே வாசித்துக் காட்டுவேன். எதை வைத்து ஊர் கண்டுபிடிக்கும் என்பது எனக்கோ குழுவுக்கோ தெரிவதைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இதற்கு ஆறு வாரம் ஒதுக்கியிருக்கிறேன். கால அட்டவணை நெருக்கினாலும் இதில் கை வைக்கப்போவதில்லை.

விலகுவதற்குக் கடைசி நாள் ஏப்ரல் 13, 2027, பங்குனி முடிவு.

ஏப்ரல் 2027க்குப் பிறகு

ஏப்ரல் 20 அன்று துறைத் தலைவர் முன்னிலையில் நோட்டு கிழித்து எரிக்கப்படும். பேட்டி ஒலிப்பதிவுகள் இரு இடங்களிலும் அழிக்கப்படும். குரலும் அடையாளம்தான். அன்றே எழுத்தாக்கங்களுக்குக் குலுக்கல் முறையில் புது எண் இடப்படும். அட்டையில் உள்ள எண் அதன்பின் எதையும் சுட்டாது. அதற்குப் பிறகு யாரையும் தரவிலிருந்து நீக்க முடியாது. மார்ச் சந்திப்பில் ஒவ்வொருவரிடமும் இதைத் திரும்பச் சொல்வேன்.

மே 2028-இல் ஆய்வேடு சமர்ப்பிப்பு. முழு எழுத்தாக்கங்களைப் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் வைக்கப்போவதில்லை. முப்பது பேர், மூன்று ஊர் என்ற அளவில் முழு உரையாடலை வெளியிட்டால் எந்த நீக்கமும் தாங்காது. கேள்விப் பட்டியலும் பகுப்பாய்வுக் குறிச்சொற்களும் பகிரப்படும். எழுத்தாக்கங்களும் ஒப்புதல் பதிவுகளும் மே 2033 வரை நெறியாளர் பொறுப்பில் இருக்கும். அதற்குள் அவர் ஓய்வு பெற்றால் பொறுப்பு துறைத் தலைவருக்கு மாறும். மாற்றம் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்கப்படும்.