எல்லாருக்கும் கார்த்திகை தீப வாழ்த்துக்கள் 🪔 அகல் வாங்கிட்டு போனவங்க இத ஒரு தடவ படிச்சிருங்க

வணக்கம்ங்க, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல தார்ப்பாய் விரிச்சு அகல் விக்கிறது நாங்கதான். இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நின்னு வாங்கிட்டு போன அத்தன பேருக்கும் மொதல்ல கார்த்திகை தீப வாழ்த்து. ஐப்பசி மழைல மண்ணு காயவே இல்ல, சூளை போடுறதுக்கு ரெண்டு நாள் வெயில் கெடைக்குமான்னு வானத்தையே பாத்துட்டு கெடந்தோம், வைக்கோல் வேற நனைஞ்சு போச்சு, எப்படியோ கடைசி சூளை போன வாரம்தான் பிரிச்சோம். அதுல வந்த விளக்குதான் இப்ப உங்க வீட்டு வாசல்ல இருக்கு.

விளக்க கையில எடுத்து பாருங்க, திரி வைக்கிற மூக்குல லேசா ஒரு பள்ளம் இருக்கும். அது எங்கம்மா கட்டைவிரல் அமுக்குனது. சக்கரத்துல இருந்து அறுத்து எடுத்த உடனே ஈரத்தோட ஒரே அமுக்கு, அவ்ளோதான். அதான் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, "என்னங்க கோணலா இருக்கு"ன்னு கேட்ட அக்காவுக்கும் பதில் இதான் 😄

புது அகல அப்படியே எண்ணெய் ஊத்தி ஏத்தாதீங்க, பாதி எண்ணெய மண்ணே குடிச்சிரும், அடில கசிஞ்சு தரையும் பிசுபிசுன்னு ஆயிரும். இன்னும் நேரம் இருக்கு, இப்பவே ஒரு பக்கெட் தண்ணில போடுங்க, குட்டி குட்டியா குமிழி விட்டுட்டே இருக்கும், அது நின்னதும் எடுத்து துணியால நல்லா தொடச்சு காய வெச்சிருங்க. ஈரத்தோட ஏத்துனா திரி படபடன்னு வெடிச்சு எண்ணெய் தெறிக்கும். முக்கால் அகலுக்கு மேல ஊத்த வேணாம். திரி நுனி கொஞ்சூண்டு வெளிய நீட்டுனா போதும், நீளமா விட்டா சுடர் பெருசா வந்து புகைதான் அடிக்கும்.

இப்ப சொல்லப் போறது, நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு நெனைக்காதீங்க. போன வருஷம் எங்க வீட்டுலயே நடந்தது. எம்பொண்ணு படிக்கட்டுல வரிசையா ஏத்திட்டே மேல போறா, துப்பட்டா பின்னாடி தொங்குது, கீழ் படில ஏற்கனவே ஏத்துன விளக்குல பட்டதும் நைலான் துணி சுர்ருன்னு சுருங்கி புடிச்சிருச்சு. எங்கம்மா பாத்து இழுத்து போட்டு மிதிச்சாங்க, கால்ல ஒரு கொப்புளத்தோட போச்சு. விளக்கு விக்கிற வீடு, எங்களுக்கே தோணல பாருங்க. அதனால மேல் படில ஆரம்பிச்சு கீழ எறங்கிட்டே ஏத்துங்க, துப்பட்டா முந்தானைய இடுப்புல சொருகிக்கோங்க, தலைமுடிய விரிச்சு போட்டுட்டு குனிய வேணாம், முடிஞ்சா இன்னைக்கு ஒரு நாள் காட்டன் கட்டுங்க. பட்டுப்பாவாடை போட்ட வாண்டுங்க கைல மத்தாப்ப குடுத்துட்டு நீங்க போன நோண்டாதீங்க.

விளக்குக்கு விளக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்க. நெருக்கி வெச்சா ஒண்ணோட சூட்டுல இன்னொண்ணோட எண்ணெயும் கொதிச்சு மொத்தமா எரிய ஆரம்பிச்சிரும். வண்டி நிக்கிற எடம், ஸ்க்ரீன் ஆடுற ஜன்னல், சிலிண்டர் இருக்கிற அடுப்படி மூலை இங்கெல்லாம் வேணாம். பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கோலத்து மேலயும் வைக்காதீங்க, ஒரு தட்டோ வாழை இலை துண்டோ அடில போட்டா தரையும் வழுக்காது. எரியுற விளக்குல பாட்டில சாய்ச்சு ஊத்துற பழக்கம் எங்க தெருவுலயே நெறைய பேருக்கு இருக்கு, தயவு செஞ்சு அணைச்சுட்டு ஊத்துங்க. எண்ணெய் மொத்தமா புடிச்சிட்டா தண்ணி ஊத்தவே கூடாது, இன்னும் பொங்கி தெறிக்கும், ஒரு தட்ட கவுத்து மூடிருங்க இல்ல காஞ்ச மண்ண அள்ளி போடுங்க. கையில சுட்டா பேஸ்ட் மாவு எல்லாம் தடவாம ஒரு இருபது நிமிஷம் கொழாய் தண்ணில காட்டுங்க, பெருசா இருந்தா 108க்கு போன் போடுங்க.

அப்பறம் எலி. சிரிக்காதீங்க, எண்ணெய் வாசத்துக்கு எரியுற திரியயே கவ்விட்டு ஓடும், அதனால தூங்கப் போறதுக்கு முன்னாடி பூஜை ரூம் விளக்கு வரைக்கும் மலையேத்திட்டு போய் படுங்க.

சாயங்காலம் ஆறு மணிக்கு திருவண்ணாமலை மலை மேல தீபம் ஏத்துறத டிவில பாத்துட்டுதான் எங்கம்மா வாசல்ல மொத விளக்கு வைப்பாங்க, இன்னைக்கும் அப்படித்தான். அதனால அஞ்சு மணிக்கு மேல கடை கெடையாது, பொரி உருண்டைக்கு வெல்லம் வேற வாங்கிட்டு போகணும்.

மூணு நாள் ஏத்துறவங்க பத்தலன்னா நாளைக்கு வாங்க, டஜன் முப்பது ரூபா அதே ரேட்தான். பத்து மணிக்கு மேல வாங்க, ஒரு வாரமா யாரும் சரியா தூங்கல 🙏