47-ஆம் பக்கத்து ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பவை

தம்பி,

வழிகாட்டி சாரும் நானும் திருத்திய உங்கள் ஆய்வேட்டு வேர்ட் கோப்பின் ஸ்கிரீன்ஷாட் வந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பாக இருப்பதால் ஆய்வேடே தப்பு என்று நினைக்க வேண்டாம். அதில் முக்கால்வாசி ஒற்றெழுத்தும் எழுத்துரு அளவும்தான்.

கோடுகளை இப்படிப் படியுங்கள். அடிக்கோடிட்டது சேர்த்தது, நடுவில் கோடு போட்டது நீக்கியது. பச்சையில் இரட்டைக் கோடு போட்ட பத்தி நீக்கப்படவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இரண்டு பத்தி மேலே அதே பத்தி இரட்டை அடிக்கோட்டுடன் இருக்கும். சார் போட்டது சிவப்பா, நான் போட்டது நீலமா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கணினிக்குக் கணினி நிறம் மாறும். திருத்தத்தின் மேல் சுட்டியை வைத்தால் பெயரும் நேரமும் தெரியும்.

முதலில் கோப்புக்கு இன்றைய தேதி போட்டு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். வேலையெல்லாம் நகலில்தான். `Review` தாவலில் `All Markup` இருக்கட்டும். வலது ஓரத்தில் `Formatted:` என்று தொடங்கும் பெட்டிகள்தான் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. `Show Markup`-இல் `Formatting` மட்டும் டிக்கோடு இருக்க, மற்றவற்றை எடுத்துவிட்டு, `Accept`-க்குக் கீழே `Accept All Changes Shown` கொடுங்கள். பிறகு எடுத்த டிக்குகளைத் திரும்பப் போடுங்கள். ஓரம் காலியாகிவிடும், உண்மையான திருத்தங்கள் கண்ணில் படும்.

இனி வரிவரியாக.

மூன்றாவது வரியில் "2011 டிசம்பர் 31" என்பதில் 31 அடிபட்டு 30 வந்திருக்கிறது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது 30-ஆம் தேதி காலை. `Accept` கொடுங்கள். இதே தேதி முன்னுரையிலும் இருக்கும், `Ctrl+F` போட்டுத் தேடுங்கள்.

ஐந்தாவது வரியில் "முந்திரித் தோட்டங்களை பற்றி". அங்கே சேர்ந்திருப்பது ஒரே ஒரு "ப்". புள்ளி வைத்த எழுத்தின் அடிக்கோடு அவ்வளவு சிறியதாக இருப்பதால் கண் தாண்டிப் போய்விடும். உயிர்மெய்யின் குறியை மட்டும் மாற்றிய இடத்தில் சில சமயம் புள்ளிவட்டம் தெரியும். எழுத்து கெட்டுவிடவில்லை, திருத்தத்தை ஏற்றதும் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்பதாவது வரியில் கவனம் தேவை. "பண்ருட்டி வட்டார விவசாயிகள் பெரும்பாலோர் கடனாளியாயினர்" என்ற வாக்கியம் முழுக்க அடிபட்டிருக்கிறது, பக்கத்தில் "சான்று எங்கே?" என்று சாரின் குறிப்பு. சான்று கிடைத்தால் வாக்கியம் இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். அவசரத்தில் `Accept` கொடுத்தால் வாக்கியத்தோடு குறிப்பும் போய்விடும். உங்கள் நேர்காணல் அட்டவணையில் எத்தனை பேர் கடன் சொன்னார்கள் என்று எண்ணிவிட்டு, `Reject` கொடுத்து, "பெரும்பாலோர்" இருந்த இடத்தில் எண்ணைப் போடுங்கள். ஆதாரம் இல்லையென்றால் போகட்டும்.

பச்சைப் பத்தியை ஏற்றதும் அதிலுள்ள "மேலே உள்ள அட்டவணை" தப்பாகிவிடும், அட்டவணை இப்போது அதற்குக் கீழே. "அட்டவணை 3.2" என்றே எழுதிவிடுங்கள்.

அந்த 3.2-இல் 46.2, 31.5, 23.6 என்று மூன்று சதவீதங்கள். கூட்டினால் 101.3. முழுமைப்படுத்தியதில் வந்த வேறுபாடாக இருந்தால் 0.1 அளவில்தான் இருக்கும், இது தட்டச்சுப் பிழை. நான் எண்ணைத் தொடவில்லை, தரவு உங்களுடையது. மூல எக்செல் தாளைத் திறந்து பாருங்கள்.

குறிப்புகளுக்குப் பதிலை `Reply`-இல் எழுதுங்கள். முடிந்தது என்று நீங்களே `Resolve` போட வேண்டாம், அதைச் சார் போடட்டும். நீங்கள் எழுதும்போது `Track Changes` ஓடிக்கொண்டிருக்க வேண்டும் (`Ctrl+Shift+E`), இல்லாவிட்டால் எதை மாற்றினீர்கள் என்று அவருக்குத் தெரியாது.

`No Markup` வைத்துப் பார்த்தால் பக்கம் சுத்தமாக இருக்கும், ஆனால் எதுவும் ஏற்கப்படவில்லை. அப்படியே கோப்பைக் கொடுத்தால் பைண்டிங் கடைக் கணினியில் திறந்ததும் கோடுகள் அத்தனையும் திரும்பி வரும். எத்தனை நகல் எடுக்கிறீர்களோ அத்தனையும் வீண். `Reviewing Pane`-இல் எண்ணிக்கை 0 ஆன பிறகுதான் பிடிஎஃப். பொருளடக்கத்தை `F9` அழுத்திப் புதுப்பிக்கும் முன் `Track Changes`-ஐ நிறுத்திவிடுங்கள், மறந்தால் பொருளடக்கம் முழுக்கச் சிவப்பாகிவிடும்.

3.2-இன் சரியான எண்ணும் ஒன்பதாவது வரியின் எண்ணிக்கையும் கிடைத்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சாருக்கு அனுப்பலாம்.