மல்லிகா அக்காவுக்கு, கட்டிங் டேபிளில் இருந்தும் மெர்ச்சண்டைசிங் ரூமில் இருந்தும்

அன்புள்ள மல்லிகா அக்கா,

எழுதுவது நான்தான், ஆனால் இது எங்கள் இரண்டு பேர் கடிதம். நேற்று மத்தியானம் கட்டிங் மாஸ்டர் மாடி ஏறி என் டேபிளுக்கே வந்தார். "ஸ்டோர் அக்காவுக்கு வாயால நன்றி சொன்னா பத்தாதுங்க சார். எனக்குக் கோர்வையா எழுத வராது. நீங்க எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் மாடிப்படியில் கால் வைப்பதையே நிறுத்தியிருந்தார். நானும் கட்டிங் பக்கம் போவதில்லை. அந்த நிலைமையில் இருந்து எங்களை மீட்டது நீங்கள். அதை எழுத்தில் வைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேவி ப்ளூ போலோ ஆர்டர், பதினெட்டாயிரம் பீஸ். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் பையரின் ஆள் ஒரு பீஸை எடுத்து விரித்து, பாடியையும் ஸ்லீவையும் சேர்த்துப் பிடித்துக் காட்டியபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கை ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம். முழுவதையும் பிரித்துப் பார்த்ததில் 1,140 பீஸ் அப்படி. தனித்தனியாகச் சாயம் போட்டு வந்த லாட்டுகளை மாஸ்டர்தான் கலந்துவிட்டார் என்று நான் சொன்னேன். மூன்றாவது லாட் ஓகே என்று மெர்ச்சண்டைசிங்தான் போனில் சொன்னார்கள் என்று அவர் சொன்னார். அன்று சாயங்காலமே இரண்டு பக்கமும் மெயில் போட ஆரம்பித்தோம். ஒவ்வொரு மெயிலிலும் எம்.டி. சாருக்குக் காப்பி.

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் தினமும் பார்த்தீர்கள். டிரிம்ஸ் வந்ததைக்கூட எங்கள் பையன்கள் கீழே போய்ச் சொல்ல மாட்டார்கள், மெயில்தான். கையெழுத்து இல்லாமல் ஒரு ஃபைலையும் கட்டிங்கில் வாங்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து அவர்கள் ஆட்கள் நான்கு பேர் ஒரே நாளில் வெளியேறினார்கள். அடுத்த ஆர்டரின் பேட்டர்ன் என் டேபிளில் மூன்று நாள் கிடந்தது, லைன் கட்டிங்குக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள் வேலை இல்லாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சண்டையில் கூலி இழந்தவர்கள் அவர்கள்தான். இதை இப்போது எழுதும்போதும் மனசு சுருங்குகிறது.

எம்.டி. சார் ஒரு மீட்டிங் போட்டார். அது எப்படி முடிந்தது என்பதை எழுத வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார், எனக்கும் அதில் சம்மதம்.

நீங்கள் மீட்டிங் எதுவும் போடவில்லை. முதலில் என்னிடம் வந்தீர்கள். டீ நேரத்தில் ஒரு டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "என்ன நடந்துச்சுன்னு எனக்கு முழுசா தெரியல கண்ணு, முதல்ல இருந்து சொல்லு" என்றீர்கள். நான் முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். அதில் பாதி நடந்த விஷயம், மீதி மாஸ்டரைப் பற்றிய வார்த்தைகள். அவர் வயசுக்கும் அனுபவத்துக்கும் நான் சொல்லியிருக்கவே கூடாத வார்த்தைகள். நீங்கள் குறுக்கே பேசவில்லை, சரி என்று தலையாட்டவும் இல்லை.

பிறகு கீழே போய் மாஸ்டரிடமும் அப்படியே உட்கார்ந்திருக்கிறீர்கள். அவரும் கொட்டித் தீர்த்திருக்கிறார்.

போன வாரம் நானும் மாஸ்டரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. "நான் உங்களைப் பேசினதை அக்கா சொன்னாங்களா?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை என்றேன். "நான் பேசினதைச் சொன்னாங்களா?" என்று நான் கேட்டேன். அவரும் இல்லை என்றார். என்னிடம் வந்து நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "ஸ்லீவுக்குத் துணி பத்தாம போயிடுச்சு, லைன் நிக்கக் கூடாதுன்னுதான் மாஸ்டர் அடுத்த லாட்டைப் பிரிச்சாராம்." அவரிடம் போய்ச் சொன்னதும் ஒன்றுதான்: "அந்தத் தம்பி ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பார்த்துட்டுத்தான் ஓகே சொல்லுச்சாம், பார்க்காம சொல்லலையாம்." இருவர் பேச்சிலிருந்தும் விஷயத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கொண்டுபோனீர்கள். மற்றதை உங்களோடு வைத்துக்கொண்டீர்கள். எத்தனை நாள் எங்கள் கசப்பைச் சுமந்துகொண்டு எங்கள் இருவர் முகத்திலும் முழித்தீர்களோ அக்கா. டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை. மெஷின் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் எட்டு மணிக்கு லேபுக்கு வரச் சொன்னீர்கள். மாஸ்டரும் வருவார் என்று எனக்குச் சொல்லவில்லை, நான் வருவேன் என்று அவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேருமே வந்திருக்க மாட்டோம். லைட் பாக்ஸுக்குள் இரண்டாவது லாட் துணியையும் மூன்றாவது லாட் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். டி-65 விளக்கைப் போட்டீர்கள். பகல் வெளிச்சத்துக்கு நிகரான அந்த விளக்கில் இரண்டும் ஒரே நீலம். "நல்லா பார்த்துக்கோங்க" என்றீர்கள். அதை அணைத்துவிட்டு டி.எல்.-84 போட்டீர்கள், ஐரோப்பாவில் கடைகளுக்குள் எரிகிற விளக்கு மாதிரி. ஒரு துண்டு அப்படியே நின்றது. இன்னொன்று சிவப்படித்து, ஊதாப் பக்கம் சாய்ந்துவிட்டது. திரும்ப டி-65, ஒரே நீலம். திரும்ப டி.எல்.-84, இரண்டு நீலம். நான்கைந்து முறை மாற்றி மாற்றிப் போட்டீர்கள். சாயக் கலவை மாறினால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து போகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? படித்திருக்கிறேன். ஆனால் அன்று நான் ஜன்னலோரம் நின்று ஓகே சொன்னபோது அது நினைப்பில் இல்லை. என் கண் பொய் சொல்லவில்லை, ஆனால் நான் பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்கவில்லை. பாடியும் ஸ்லீவும் ஒரே லாட்டில் வெட்டுவதுதான் முறை என்று மாஸ்டருக்கும் தெரியும், ஓகே என்ற வார்த்தையை நம்பி அவசரத்தில் அதை விட்டுவிட்டார்.

இதையெல்லாம் நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுவிட்சை மட்டும்தான் மாற்றினீர்கள். மாஸ்டர்தான் முதலில் பேசினார். "நான் ஒரு தடவை மேல வந்து கேட்டிருக்கலாம்" என்றார். நான் லைட் பாக்ஸ் பற்றிச் சொன்னேன். உடனே நீங்கள், "லாட் உள்ள வந்தப்ப துணியைக் கையில வாங்கினது நான். ரெண்டு லைட்லயும் பார்த்தீங்களான்னு நானும் கேட்கல. என் பேரையும் சேர்த்துக்கோங்க" என்றீர்கள். எம்.டி. சாரிடம் போனபோதும் அதையே சொன்னீர்கள். யார் தப்பு என்று அவர் கேட்டதற்கு மூன்று பேர் பெயரையும் வரிசையாகச் சொல்லி, உங்கள் பெயரை முதலில் வைத்தீர்கள் என்று எச்.ஆர். மேடம் சொன்னார்கள். பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவர், எங்களுக்காக அதைச் செய்தீர்கள்.

1,140 பீஸுக்கும் வழி கண்டுபிடித்ததும் நீங்கள்தான். ஊசி ஓட்டை விழுந்தது என்று ஒதுக்கி வைத்திருந்த இரண்டாவது லாட் ரோல் நான்கு ஸ்டோரில் இருந்தது எங்கள் யாருக்கும் ஞாபகமில்லை. ஸ்லீவ் சின்னப் பாகம், ஓட்டையைத் தாண்டித் தாண்டி வெட்டலாம் என்றீர்கள். மாஸ்டர் அன்று மதியம் ஆளை விடாமல் தன் கையாலேயே சாக்பீஸில் ஓட்டைகளை வட்டம் போட்டார். இரண்டு ராத்திரி செக்கிங் அக்காக்களோடு சேர்ந்து நாங்கள் பண்டில் நம்பர் பார்த்துப் பிரித்தோம், ஸ்லீவைப் பிரித்தார்கள், புதுசை ஏற்றினார்கள். என்னையும் மாஸ்டரையும் நீங்கள் வேண்டுமென்றேதான் எதிரெதிரே உட்கார வைத்தீர்கள், இல்லையா? முதல் ராத்திரி "பண்டில் நாற்பத்தி ரெண்டு", "இருக்கு", "நாற்பத்தி மூணு", "இல்லை" என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சே இல்லை. இரண்டாவது ராத்திரி ஒரு மணிக்கு அவர் தேங்காய் பன்னைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் நகர்த்தினார். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள், நான் பார்த்தேன்.

சரக்கு அடுத்த வாரக் கப்பலில் தூத்துக்குடியில் ஏறியது. விமானத்தில் அனுப்பும் செலவு இல்லாமல் தப்பித்தோம்.

அதோடு நீங்கள் விட்டிருக்கலாம். இப்போது ஒவ்வொரு ரோலில் இருந்தும் உள்ளங்கை அளவு துணி வெட்டி அட்டையில் ஒட்டி, இரண்டு விளக்கிலும் பார்த்து, நானும் மாஸ்டரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெட்டுவதற்குத் துணியை லே விரிக்கிறார்கள். லாட் கார்டு என்று பையன்கள் பெயர் வைத்துவிட்டார்கள். காலை ஒன்பதரைக்குக் கட்டிங் டேபிள் ஓரத்தில் நின்றுகொண்டே பத்து நிமிஷம் பேசிக்கொள்கிறோம். முதல் வாரம் முழுக்க நீங்கள் நடுவில் நின்றீர்கள். இரண்டாவது வாரம் கொஞ்சம் தள்ளி, ரேக் பக்கம் நின்றீர்கள். மூன்றாவது வாரம் வரவே இல்லை. நாங்கள் பேசி முடித்துவிட்டுத்தான் அதைக் கவனித்தோம். அந்த நான்கு பேரும் குரூப்பில் திரும்பச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது அவர்கள்தான் தினமும் முதல் குட் மார்னிங் போடுகிறார்கள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்த இரண்டு ராத்திரியும் உங்கள் வீட்டில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து, ஒன்பதாம் மாதத்தோடு இருந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டு வைத்திருந்த லீவை நீங்களே தள்ளிப் போட்டதும் எச்.ஆரில் கேட்டுத்தான் தெரிந்தது. முன்னமே தெரிந்திருந்தால் உங்களை உட்கார விட்டிருக்க மாட்டோம்.

இந்தக் கடிதத்தின் ஒரு காப்பி எம்.டி. சாருக்கும், ஒன்று உங்கள் பர்சனல் ஃபைலுக்கும் போகிறது. இந்த வருஷப் பாராட்டுப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்க இரண்டு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்தே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

திங்கள்கிழமையில் இருந்து உங்களுக்கு லீவு. வியாழக்கிழமை மெலாஞ்ச் துணி இரண்டு லாட் வருகிறது. கார்டு நாங்களே ஒட்டிக்கொள்கிறோம், ஸ்டோர் சாவியை மாஸ்டர் வைத்துக்கொள்கிறார். யார் போன் செய்தாலும் எடுக்காதீர்கள் அக்கா, நான் செய்தாலும்கூட. குழந்தை பிறந்ததும் நீங்கள் கூப்பிடுங்கள், இரண்டு பேரும் ஒரே வண்டியில் வருகிறோம்.

என்றும் அன்புடன்,
செந்தில், மெர்ச்சண்டைசிங்
பழனிசாமி, கட்டிங் மாஸ்டர்