டிசம்பர் மடல் டெம்ப்ளேட்: பார்த்ததும் மாற்ற வேண்டியதும்

வணக்கம் சார்,

வியாழக்கிழமை அனுப்பப் போகும் முன்பதிவு மடலை நான்கு இடங்களில் திறந்து பார்த்தேன்: 360 பிக்சல் அகலமுள்ள ஒரு ஆண்ட்ராய்டு ஃபோனில் ஜிமெயில், ஐஃபோனின் மெயில் ஆப், விண்டோஸ் கம்ப்யூட்டரில் பழைய அவுட்லுக், பிரவுசரில் ஜிமெயில். பிரவுசரில் மட்டும் அருமையாக இருக்கிறது. நீங்களும் அட்டை வரைந்த தம்பியும் அங்கேதான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மடல் ஒரே ஒரு வேலைக்காகப் போகிறது: புத்தகக் காட்சிக்கு முன் ₹450 நாவலை ₹360க்கு முன்பதிவு செய்ய வைக்க வேண்டும். அந்தச் சேதி மடலில் இரண்டே இடத்தில் இருக்கிறது. ஒன்று மேலே உள்ள பேனர் படத்துக்குள். மற்றொன்று ஆறு புத்தகங்களையும் தாண்டி அடியில். படம் வராதவருக்கு முதலாவது இல்லை. ஜிமெயிலில் பார்ப்பவருக்கு இரண்டாவதும் இல்லை.

இரண்டாவது ஏன் இல்லை? மடலின் அளவு 118 கேபி. ஜிமெயில் 102 கேபியைத் தாண்டினால் மீதியை வெட்டிவிட்டு, முழுதாகப் பார்க்க ஒரு சின்ன லிங்க் மட்டும் வைக்கும். நம் மடல் ஆறாவது புத்தகத்தின் நடுவில் வெட்டுப்படுகிறது. 'முன்பதிவு செய்ய' பட்டன், விலகும் லிங்க், முகவரி எல்லாம் வெட்டுக்கு அந்தப் பக்கம். படங்கள் இந்தக் கணக்கில் வராது, அவை வெளியிலிருந்து வருபவை. பாரம் எழுத்தில் இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் எடிட்டர் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் எண்ணாக மாற்றிச் சேமித்திருக்கிறது. 'த' என்ற ஒரு எழுத்து உள்ளே இப்படி இருக்கிறது:

```html
த
```

இது 7 பைட். யூடிஎஃப்-8இல் அப்படியே வைத்தால் 3 பைட். மடலில் சுமார் 9,000 குறிகள் இருப்பதால் 63 கேபி பிடிக்கும் எழுத்து 27 கேபிக்கு இறங்கும், மொத்தம் 82 கேபி ஆகிவிடும். ஒரு வாக்கியத்தைக்கூட நீக்க வேண்டியதில்லை. எடிட்டரின் ஏற்றுமதி அமைப்பில் அந்த மாற்றத்தை அணைத்தால் போதும். ஆங்கில மடல் போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதில்லை, அதனால் வழிகாட்டிகளில் இதைத் தேடிப் பிடிப்பது கடினம்.

பேனர்

தம்பியின் கையெழுத்து வேலை நன்றாக இருக்கிறது, அதைத் தூக்கச் சொல்லவில்லை. ஆனால் நூல் பெயர், விலை, கடைசி நாள், பட்டன் எல்லாவற்றையும் 600க்கு 900 அளவில் ஒரே படமாக்கியது சரியில்லை. ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தானே காட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் நம் பட்டியலில் கல்லூரி, நூலக முகவரிகள் நிறைய. அங்கே அவுட்லுக் இருந்தால் வாசகர் அனுமதிக்கும்வரை படம் வராது. ஸ்பேம் பெட்டியில் விழுந்த மடலிலும் வராது. போதாததற்கு இந்தப் படம் 1.4 எம்பி, சிக்னல் குறைந்த பேருந்தில் மெதுவாக இறங்கும்.

அவுட்லுக்கில் நான் கண்டது 900 பிக்சல் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டம், அதன் மூலையில் 'banner_final_v3.jpg'. கோப்பின் பெயரே மாற்று உரையாகப் போயிருக்கிறது. நாவல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

பேனரை ஓவியம் மட்டும் உள்ள 600க்கு 320 படமாக வெட்டித் தரச் சொல்லுங்கள், 150 கேபிக்குள். பெயர், விலை, நாள் ஆகியவை படத்துக்குக் கீழே எழுத்தாக வரட்டும். படத்தின் குறியில் பழைய மாற்று உரையை எடுத்துவிட்டு இதை வைக்கவும்:

```html
alt="புதிய நாவல்: முன்பதிவு விலை ₹360"
style="font:bold 18px/28px 'Nirmala UI',sans-serif;color:#5b1a1a;"
```

படம் வராவிட்டாலும் அந்த இடத்தில் இந்த வரி தெரியும்.

ஃபோனில்

மடல் 600 பிக்சலில் இறுகக் கட்டப்பட்டிருப்பதால் 360 பிக்சல் திரையில் எல்லாம் பத்தில் ஆறு பங்காகச் சுருங்குகிறது. 14 பிக்சல் எழுத்து 8.4 ஆகிறது. ஆங்கிலத்தில் அதைக் கண்ணை இடுக்கியாவது படித்துவிடலாம். தமிழில் அந்த அளவில் புள்ளி காணாமல் போகும், 'ரி'யும் 'ரீ'யும் ஒன்றாகிவிடும். உடல் எழுத்து 16, வரி உயரம் 27 என்று வையுங்கள். வரி உயரத்தைக் குறைத்தால் அவுட்லுக் சில சமயம் மேல் கொக்கியை வெட்டிவிடும்.

இரண்டு பத்தியாக உள்ள புத்தக வரிசைக்கு, திரையின் அகலத்தைப் பார்த்து அமைப்பை மாற்றும் மீடியா குவெரி எழுதியிருக்கிறீர்கள். வேறு நிறுவன மெயிலை ஜிமெயில் ஆப்பில் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு அது எடுபடாது. இடம் இல்லாவிட்டால் பத்திகள் தாமாகவே ஒன்றன்கீழ் ஒன்றாக விழும்படி கட்டினால் எல்லா இடத்திலும் வேலை செய்யும்:

```html
<div style="display:inline-block;width:100%;max-width:290px;vertical-align:top;">
```

இதைச் சுற்றி அவுட்லுக்குக்கு மட்டும் ஒரு டேபிள் வேண்டும், அதை நான் போட்டுத் தருகிறேன். எழுத்துரு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் சேர்த்த வெப் ஃபாண்ட்டை ஜிமெயில் கண்டுகொள்ளாது, ஃபோனில் உள்ள தமிழ் எழுத்துருதான் வரும். அதற்காக மெனக்கெட வேண்டாம். ஆனால் லோகோவுக்கு மெனக்கெட வேண்டும்: கறுப்பு எழுத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி. டார்க் மோடில் அது இருட்டில் கரைந்துபோகிறது. ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு சேர்த்தால் போதும்.

பட்டன்

பேனருக்குள் வரைந்த பட்டனைத் தொட்டால் முகப்புப் பக்கம் திறக்கிறது, முன்பதிவுப் பக்கம் அல்ல. கீழே ஆறு புத்தகத்துக்கும் 'மேலும் அறிய' என்ற ஒரே பட்டன், ஒரே சிவப்பு. முன்பதிவுப் பட்டனும் அதே சிவப்பு. வாசகருக்கு எதை முதலில் தொட வேண்டும் என்று மடல் சொல்லவில்லை.

என் யோசனை: சிவப்பு ஒன்றுக்கு மட்டும். 'முன்பதிவு செய்ய – ₹360' என்ற பட்டன், விலை வரிக்கு அடுத்ததாக, ஃபோனில் உருட்டாமலே தெரியும் இடத்தில். உங்கள் எழுத்தாளரை ஏற்கெனவே படிப்பவர்கள் அங்கேயே தொட்டுவிடுவார்கள். புதியவர்களுக்கு அது போதாது, மடலில் உள்ள நாவல் பகுதியைப் படித்த பிறகுதான் மனம் வரும். அதனால் அந்தப் பகுதி முடிந்ததும் அதே பட்டன் இன்னொரு முறை. அடியில் இருப்பதை எடுத்துவிடலாம். மற்ற புத்தகங்களுக்குப் பட்டனே வேண்டாம், நூல் பெயரையே லிங்க் ஆக்குங்கள்.

பட்டன் டேபிள் கட்டத்தில் பின்னணி நிறத்தோடு இருக்கட்டும், 48 பிக்சல் உயரம். அடியில் வாட்ஸ்ஆப் லிங்க்கும் விலகும் லிங்க்கும் ஒட்டி இருக்கின்றன. என் கட்டைவிரல் இரண்டாவதைத்தான் தொட்டது! நடுவே ஒரு முழு வரி இடைவெளி விடுங்கள். விலகும் லிங்க்கை ஒளிக்க வேண்டாம், அது கிடைக்காதவர் ஸ்பேம் என்று குத்திவிடுவார்.

இன்பாக்ஸில் தலைப்புக்குப் பக்கத்தில் இப்போது 'மெயில் சரியாகத் தெரியவில்லையா? இங்கே சொடுக்கவும்' என்று வருகிறது. அதற்கு முன்னால் 'ஜனவரி 5 வரை ₹360, அதன் பிறகு ₹450' என்ற வரியை வையுங்கள்.

இரண்டு பட்டன் லிங்க்கிலும் வேறு வேறு குறி போட்டுத் தருகிறேன், எது விற்கிறது என்று தெரியும். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021இலிருந்து ஆப்பிள் மெயில், வாசகர் திறக்காமலே படங்களை இறக்கி வைக்கிறது, அது திறந்ததாகக் கணக்காகிவிடும்.

வியாழனுக்குள் எல்லாம் முடியாவிட்டால் எழுத்து மாற்றம், மேல் பட்டன், மாற்று உரை மூன்றையும் செய்யுங்கள். பத்திக் கட்டும் லோகோவும் ஜனவரி மடலுக்கு வரட்டும். புதன் மாலை ஐந்துக்குள் சோதனை மடல் அனுப்பினால் அன்றிரவே அதே நான்கு இடத்திலும் பார்த்துச் சொல்கிறேன். தம்பியிடம் பேனர் விஷயத்தை நீங்களே சொல்லுங்கள் சார், நான் சொன்னால் சண்டையாகிவிடும்.