மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக மலருக்கு ஆசியுரை கேட்டுப் பெரிய குருக்கள் ஐயாவுக்கு ஒரு கடிதம்

தலவாக்கலை
2026 மே 11, திங்கட்கிழமை

பெரிய குருக்கள் ஐயாவுக்குப் பணிவான வணக்கம்.

நான் மேற்பிரிவுக் கணக்கப்பிள்ளையின் மூத்த மகள். 2014 கும்பாபிஷேகத்தில் மூன்று நாளும் யாகசாலைக்குப் பூ கட்டிக் கொடுத்த பிள்ளைகளில் ஒருத்தி, இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்கிறேன். இந்த முறை மலர் வேலையைக் கமிட்டி என் கையில் கொடுத்திருக்கிறது. உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சின்னக் குருக்கள் சொன்னார். அன்றைக்கு அம்மாவுக்கு விளக்கேற்றியபோது லயத்தில் எல்லோருமே உங்களை நினைத்துக்கொண்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன் ஐயா. ஜூன் 26 வெள்ளிக்கிழமை காலை நம்முடைய அம்மனுக்குக் கும்பாபிஷேகம். முதல் நாள் வியாழக்கிழமை எண்ணெய்க்காப்பு. அன்றைக்கு வெளியிடும் மலருக்கு உங்கள் ஆசியுரை வேண்டும். மே 22 வெள்ளிக்கிழமைக்குள் என் கைக்கு வந்துவிட்டால் நல்லது. ஏன் இவ்வளவு முன்னதாக என்றால், மே 25 திங்கட்கிழமை எல்லாப் பக்கங்களையும் கண்டியில் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கிழமை ஹஜ் பெருநாளும் போயாவும் அடுத்தடுத்து வருகின்றன, அச்சகம் மூடிவிடும், அதைத் தவறவிட்டால் நம்முடைய வேலை ஜூன் நடுவுக்குத் தள்ளிப்போகும் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பிறகு புத்தகம் கட்டி, லொறியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவர நாள் இருக்காது.

உங்கள் ஆசியுரைதான் முதல் பக்கம். பிள்ளையார் படம், அதற்கடுத்தது நீங்கள். 2002-இல் தகரக் கொட்டகையைக் கோயிலாக்கி முதல் கும்பாபிஷேகம் செய்தவர் நீங்கள், 2014-இலும் நீங்கள்தான். இந்த முறை படி ஏற முடியாது என்பதால் மகனைப் பிரதிஷ்டா குருவாக அனுப்புகிறீர்கள். நீங்கள் வராமல் நடக்கிற முதல் கும்பாபிஷேகம் என்பதால், உங்கள் சொல்லாவது எங்களோடு இருக்க வேண்டும் என்று பெரிய ஆட்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். ரோட்டுக்குக் கீழே இருக்கிற விகாரையின் ஹாமுதுருவும், தேவாலயத்துப் பாதரும் வாழ்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அரசியல் ஆட்களின் வாழ்த்துகள் சமயப் பெரியவர்களுக்குப் பின்னால்தான் வரும், அதைக் கமிட்டியில் பேசி முடித்துவிட்டோம்.

ஆசியுரை என்றால் வழக்கமாக எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எந்த ஊர் மலரை எடுத்தாலும் 'விழா சிறக்க எல்லாம் வல்ல அம்பாளை வேண்டுகிறேன்' என்று நான்கு வரி, கீழே பெயர், மேலே படம். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நம்முடைய மலருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

தேயிலையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதில் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னாலேயே கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் இருந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே போனவர்கள் போக, மிஞ்சி வந்து சேர்ந்தவர்கள் லயத்து ஓரத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மாரியம்மா என்று கூப்பிட்டார்கள். அப்படி நட்டவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நம்முடைய அம்மனும் அப்படி மரத்தடியில் நின்ற கல்தான். அந்தக் கல்லை யார் நட்டார்கள் என்று கேட்டால் எங்கள் தாத்தாவும் 'எங்க தாத்தா காலத்துக்கும் முந்தி' என்றுதான் சொல்வார், அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

2014 திருப்பணியின்போது கருங்கல் விக்கிரகம் வந்துவிட்டதே, இனி இந்தப் பழைய கல் எதற்கு, ஆற்றில் விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் பக்கத்தில் பூக்கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் கோபப்படவே இல்லை. "முதலில் வந்தவள் இவள். இவள் இருந்த இடத்துக்குத்தான் மற்றவள் வந்திருக்கிறாள்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கல்லைத் தெற்குப் பக்கத்தில் சின்ன மேடை கட்டி வைக்கச் சொன்னீர்கள். கும்ப நீரில் ஒரு கை அதற்கும் விட்டீர்கள். அப்போது மேற்பிரிவுக் கிழவிகள் குலவை போட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த முறையும் அதே பேச்சு வந்திருக்கிறது. தெற்குப் பக்கத்தில் டைல்ஸ் போட்டு அன்னதான மண்டபத்தை நீட்ட வேண்டும், மேடை இடைஞ்சலாக இருக்கிறது என்கிறார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, கொழும்பில் கடை வேலை பார்த்து மாதாமாதம் பணம் அனுப்புகிற நம்முடைய பையன்கள்தான், கோயில் வடிவாக இருக்க வேண்டும் என்கிற ஆசைதான். ஆனால் அவர்களுக்கு அந்தக் கல்லின் கதை தெரியாது. 2014-இல் அவர்கள் சின்னப் பிள்ளைகள். நான் சொன்னால் டீச்சர் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் எழுதி, அது மலரில் முதல் பக்கமாக இருந்தால், பன்னிரண்டு வருடம் கழித்து அடுத்த கும்பாபிஷேகம் செய்யப் போகிறவர்களும் எடுத்துப் படிப்பார்கள்.

அதனால் என் விண்ணப்பம், அந்தக் கல்லை ஏன் வைத்திருக்கச் சொன்னீர்கள் என்பதை ஆசியுரையில் நான்கைந்து வரியாவது எழுதித் தர வேண்டும். சாத்திரத்தில் அதற்கு இருக்கிற காரணமோ, அன்றைக்கு உங்கள் மனதில் பட்டதோ, எதுவானாலும் சரி. கல்லை எடுக்கவே கூடாது என்று எழுதுங்கள் என நான் கேட்கவில்லை. உங்களுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தால் அதையே எழுதுங்கள், நாங்கள் கேட்டு நடப்போம்.

மலர் எங்கெல்லாம் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்முடைய லயத்தில் பாதிக்கு மேல் காலியானது உங்களுக்குத் தெரியும். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது வாட்ஸ்அப்பில் நம்மைத் தேடிப்பிடித்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒருவர் தன் பாட்டி கொண்டுபோன ஒரு பழைய போட்டோவை அனுப்பினார். மரத்தடியில் அதே கல், மஞ்சள் துணி சுற்றி, பக்கத்தில் சூலம். அதை மலரில் போடுகிறோம். அது உங்கள் ஆசியுரைக்கு எதிர்ப் பக்கத்தில் வர வேண்டும் என்று இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அச்சடிப்பது 600 பிரதி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று, மிச்சம் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக் கோயில்களுக்கு. சம்பளத்தில் கோயில் பணம் பிடித்துத்தான் இந்தத் திருப்பணி நடக்கிறது, ஆகவே பின்பக்கங்களில் பெரிய உபயகாரர் சின்ன உபயகாரர் என்று பிரிக்காமல் எல்லாக் குடும்பங்களின் பெயரையும் லய வரிசையில் போடுகிறோம். கொழுந்தெடுக்கும் அம்மாமார் பலருக்குச் சம்பளச் சீட்டைத் தவிர வேறு எதிலும் தங்கள் பெயர் அச்சில் வந்ததில்லை.

இனி வேலை விவரம். ஒரு பக்கம்தான், 250 சொல் வரை தாராளமாக இடம் இருக்கிறது. கொஞ்சம் கூடினாலும் எழுத்தைச் சிறிதாக்கிச் சேர்த்துக்கொள்கிறேன், வெட்ட மாட்டேன். டைப் செய்யத் தேவையில்லை. கையால் எழுதி, பேரனை போட்டோ எடுத்து இந்த நம்பருக்கே அனுப்பச் சொன்னால் போதும். கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் எழுதவே வேண்டாம், மாலை ஆறு மணிக்குப் பிறகு எந்த நாளில் பேசலாம் என்று மட்டும் சொல்லுங்கள், நான் போனில் கேட்டு எழுதித் திருப்பி வாசித்துக் காட்டுகிறேன். அதுவும் வேண்டாம், நேரில்தான் என்றால் 16 அல்லது 17-ஆம் திகதி முதல் பஸ்ஸில் ஹட்டன் வழியாகக் கண்டிக்கு வந்துவிடுவேன், சனியும் ஞாயிறும் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

கமிட்டியில் ஒருவர், நாமே நான்கு வரி எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளலாமே, ஐயாவுக்கு ஏன் தொந்தரவு என்றார். உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொன்னதுதான். எனக்கு அதில் சம்மதம் இல்லை. உங்கள் பெயரில் வருவது உங்கள் சொல்லாக இருக்க வேண்டும், இரண்டே வரியானாலும் பரவாயில்லை.

படத்துக்கு 2014-இல் எடுத்ததையே போடலாமா, வேறு தருகிறீர்களா? பட்டங்களையும் பெயரையும் எப்படிப் போட வேண்டும் என்று ஒரு தாளில் தனியாக எழுதிவிடுங்கள். போன முறை மலரில் உங்கள் பட்டத்தில் ஓர் எழுத்து விட்டுப்போய், புத்தகம் கட்டிய பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அப்பாவுக்கு அது பெரிய வருத்தம், இன்றைக்கும் சொல்வார். இந்த முறை அச்சுக்குப் போகும் முன் உங்கள் பக்கத்தை அப்படியே அனுப்பி வைக்கிறேன், சரி என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அச்சகத்துக்குக் கொடுப்பேன்.

மே 18-க்குள் முடியும் அல்லது முடியாது என்று ஒரு சொல் தெரிந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும். உடம்புக்கு முடியவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் 2014-இல் நீங்கள் கும்பத்தைத் தலையில் சுமந்து கோயிலைச் சுற்றி வருகிற படத்தைப் போட்டு, வேறு எவருடைய சொல்லும் இல்லாமல் அப்படியே விட்டுவிடுவோம்.

கும்பாபிஷேகத்தன்று காலை யாகசாலையிலிருந்து கும்பங்கள் புறப்படும்போது உங்கள் வீட்டுக்கு வீடியோ போட்டுவிட ஒரு பையனை ஏற்பாடு செய்திருக்கிறேன். மண்டலாபிஷேகம் முடிந்ததும் பிரசாதத்தோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன்.

உங்கள் ஆசியை வேண்டும்,
மேற்பிரிவுக் கணக்கப்பிள்ளை மகள்
மலர்க் குழுச் செயலாளர்

பின்குறிப்பு: அந்தப் பழைய போட்டோவை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள் ஐயா, கல்லுக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அது கீழ்ப்பிரிவு மருத்துவிச்சிப் பாட்டிதான் என்று அம்மா சொல்கிறார். உங்களுக்கு அவரை அடையாளம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள், படத்தின் கீழே பெயரைப் போட்டுவிடுகிறேன்.