காட்பாடித் தொட்டி பீமில் விரிசல் எந்தப் பக்கம் சாயும்?

கணக்கு: காட்பாடியில் ஒரு வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் காங்கிரீட் பீம், இரண்டு தூண்களின் மேல் நிற்கிறது. காங்கிரீட் எம்25. வலப்பக்கத் தூணுக்கு அருகே, நடு அச்சுக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளியில் தகைவு அணி (மெகா பாஸ்கலில்):

```
σ = | 3  2 |
    | 2  0 |
```

x அச்சு பீமின் நீளவாக்கில் வலப்பக்கமாகவும், y மேல்நோக்கியும். இழுவிசை நேர்க்குறி. முதன்மைத் தகைவுகளையும் திசைகளையும் காண்க. விரிசல் விழுமா? விழுந்தால் எப்படிச் சாயும்?

விடை: பலர் முதல் எண்ணைப் பார்த்ததுமே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஐஎஸ் 456:2000 தரும் வளைவு இழுவலிமை 0.7√25 = 3.5. நீளவாக்கில் 3தானே, பயமில்லை என்று எழுதிவிடுகிறார்கள். பீமுக்கு நம் அச்சு எதுவென்று தெரியாது. தன் உடம்பில் இழுப்பு எந்தத் திசையில் மிக அதிகமோ, அதற்குக் குறுக்கேதான் அது பிளக்கும்.

அந்த இழுப்பின் அளவையும் திசையையும் காண அணியின் ஐகன் மதிப்புகள் வேண்டும்.

```
λ² − 3λ − 4 = 0
(λ − 4)(λ + 1) = 0
```

முதன்மைத் தகைவுகள் 4, −1. கூட்டினால் 3, அணியின் மூலைவிட்டக் கூட்டுத்தொகையும் 3. பெருக்கினால் −4, அணிக்கோவையும் அதுவே. அரை நிமிடச் சோதனைதான், ஆனால் தேர்வில் யாரும் செய்வதில்லை.

λ = 4 என்றால் −x + 2y = 0. எனவே திசை (2, 1), கிடைமட்டத்திலிருந்து 26.6° மேலே. λ = −1 என்றால் 4x + 2y = 0, திசை (1, −2). இரண்டின் புள்ளிப் பெருக்கல் 2 − 2 = 0, அதாவது ஒன்றுக்கொன்று செங்குத்து. tan 2θ சூத்திரம் போட்டாலும் அதே கோணம்தான் வரும். ஆனால் அது 4-க்கு உரியதா, −1-க்கு உரியதா என்று சூத்திரம் சொல்லாது. அதனால்தான் நான் அணியிலேயே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்:

```
| 3  2 | |2|   |8|       |2|
| 2  0 | |1| = |4| = 4 · |1|
```

4 > 3.5, ஆகவே விரிசல் விழும். இழுவிசை (2, 1) திசையில் இருப்பதால், விரிசல் அதற்குச் செங்குத்தாக (1, −2) கோட்டில் ஓடும். கிடைமட்டத்தோடு 63.4°. கீழே தூண் பக்கம் தொடங்கி, மேலே ஏற ஏறப் பீமின் நடுவை நோக்கிச் சாயும். பூச்சு வேலைக்கு முன் போய்ப் பார்த்தால் மயிரிழை போலத் தெரியும். பூசிவிட்டால் மேஸ்திரியே "சிமெண்ட் வெடிப்புதான்" என்று சமாதானம் சொல்லிவிடுவார்.

உச்சச் சறுக்குத் தகைவு (4 + 1)/2 = 2.5, முதன்மைத் திசைகளுக்கு 45° சாய்ந்த தளங்களில்.

இப்போது 2-க்குப் பதில் −2 போடுங்கள். தகைவுகள் அப்படியே 4, −1. இழுவிசைத் திசை மட்டும் (2, −1) ஆகி, விரிசல் மறுபக்கம் சாயும். அது இடப்பக்கத் தூணருகே உள்ள புள்ளி.