சேமிப்பும் தவணையும்: மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் ஓர் உரை

அன்புச் சகோதரிகளே, வணக்கம்.

ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் சார்பில் வந்திருக்கிறேன். இன்று புதிய திட்டம் எதையும் அறிவிக்கப் போவதில்லை. நம் குழுவின் பணத்தை வைத்துச் சில கணக்குகளை மட்டும் போட்டுப் பார்க்கப் போகிறோம். நான் மெதுவாகவே சொல்கிறேன். புரியாத இடத்தில் கையை உயர்த்துங்கள். அதே கணக்கை மறுபடியும் சொல்கிறேன்.

குழுவில் நாம் 15 பேர் இருக்கிறோம். வாரத்துக்கு ஒருவர் 50 ரூபாய் சேமிக்கிறோம். பத்துப் பேர் தலைக்கு 50 ரூபாய் கொடுத்தால் 500. மீதி ஐந்து பேர் கொடுப்பது 250. இரண்டையும் கூட்டினால் ஒரு வாரத்துக்கு 750 ரூபாய். நான்கு வாரத்துக்கு 3,000 ரூபாய். வருடத்துக்கு 52 வாரம் என்பதால், ஒருவர் பெயரில் 2,600 ரூபாய் சேரும். குழுவுக்கு 39,000 ரூபாய் சேரும். தனியாக வீட்டில் வைத்திருந்தால் அந்த 50 ரூபாய் வியாழக்கிழமைக்குள் ஏதோ ஒரு செலவில் கரைந்திருக்கும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இப்போது கடன் கணக்குக்கு வருவோம். நம் குழுவில் உள்கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். ஓர் அக்கா 10,000 ரூபாய் வாங்குகிறார். மாதம் 1,000 வீதம் பத்துத் தவணையில் அசலைத் திருப்புவதாக ஒப்புக்கொள்கிறார். முதல் மாதம் 10,000-க்கு வட்டி 100 ரூபாய். அசலில் 1,000 கட்டியாயிற்று, பாக்கி 9,000. ஆகவே இரண்டாம் மாதம் வட்டி 90 ரூபாய். மூன்றாம் மாதம் 80. இப்படியே இறங்கிக்கொண்டு வந்து, பத்தாம் மாதம் வட்டி வெறும் 10 ரூபாய். மொத்த வட்டி எவ்வளவு? முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் சேருங்கள்: 100-உம் 10-உம் 110. அடுத்து 90-உம் 20-உம் சேர்ந்தால் அதுவும் 110. இப்படி ஐந்து ஜோடி வரும். ஐந்து 110 என்பது 550 ரூபாய்.

அதே அக்கா, "இந்த மாதம் வட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அசலை அப்புறம் தருகிறேன்" என்று பத்து மாதமும் சொல்லிக்கொண்டே போனால், மாதம் 100 வீதம் 1,000 ரூபாய் வட்டி கட்டியிருப்பார். ஆனால் பேரேட்டில் அவர் பெயருக்கு எதிரே 10,000 ரூபாய் பாக்கி அப்படியே நிற்கும். கட்டியது அதிகம், குறைந்தது ஒன்றுமில்லை. வட்டி ஒழுங்காக வருகிறதே என்று ஊக்குநரும் பேசாமல் இருந்துவிடுவதை நான் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன்; என்னைக் கேட்டால், பாக்கி வைப்பதை விட இந்தப் பழக்கம்தான் ஆபத்தானது, ஏனென்றால் இதில் தவறு நடப்பதே யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

வெளியில் வாங்கும் தண்டல் கடனையும் கணக்குப் பார்ப்போம். கையில் 9,000 கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாளைக்கு வசூலிப்பார்கள். நாம் கட்டுவது 10,000. வட்டி 1,000 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 ரூபாயும் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. தினமும் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் நம் கையில் இருந்தது அதில் பாதி, ஏறத்தாழ 4,500 ரூபாய். 100 நாள் என்பது மூன்று மாதத்துக்குச் சற்று மேல். அந்தக் காலத்துக்கு 1,000 ரூபாய் என்றால், மாதம் ஒன்றுக்கு 300 ரூபாய். 4,500-க்கு 300 என்பது நூற்றுக்கு ஆறே முக்கால் ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. நம் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய். அதுவும் நம் குழுவின் நிதிக்கே வருகிறது. சற்று முன் பார்த்த 550 ரூபாயில், அந்தக் கடனை வாங்கிய அக்காவுக்கும் 36 ரூபாய்க்கு மேல் பங்கு இருக்கிறது.

சரி, தவணை தவறினால் யாருக்கு நட்டம்? இந்தக் கணக்கைத்தான் நிறுத்தி நிதானமாகக் கேட்க வேண்டும். மூன்று பேர் ஆளுக்கு 8,000 ரூபாய் கடன் வாங்கி, மாதம் 800 ரூபாய் அசல் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சேமிப்பு 3,000. மூன்று தவணை 2,400. இரண்டும் சேர்ந்து 5,400. வட்டியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். வரிசையில் அடுத்து நிற்கும் தங்கை, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 5,000 ரூபாய் கேட்டிருக்கிறார். பணம் இருக்கிறது, கொடுத்துவிடலாம். இப்போது மூவரில் இருவர் தவணை கட்டவில்லை. 3,000-உம் 800-உம் சேர்ந்து 3,800 மட்டுமே இருக்கிறது. அந்தத் தங்கைக்கு 1,200 ரூபாய் குறைகிறது; கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்துவிட்டால் அவர் தண்டல்காரரிடம்தான் போவார். தவணை கட்டாதவரை யாரும் துரத்தவில்லை. ஆனால் அவர் கட்டாத 800 ரூபாய்க்கான வட்டியை வேறொரு பெண் வெளியில் கட்டுகிறார்.

நோயோ வேலையின்மையோ வந்து உண்மையிலேயே கட்ட முடியாத நிலை யாருக்கும் வரலாம். அப்போது கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். தவணை நாளுக்கு முன்பே கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். 1,000 ரூபாய்த் தவணையை 500-ஆகக் குறைத்து, எத்தனை மாதம் நீட்டுவது என்று பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்திடலாம். இதில் அவமானம் எதுவும் இல்லை. இன்னொருவருக்காகத் தன் பெயரில் கடன் வாங்கிக் கொடுப்பதற்கு மட்டும் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். பணத்தைச் செலவழித்தவர் ஒருவர், பேரேட்டில் இருப்பவர் இன்னொருவர் என்றாகிவிட்டால், கேட்கப்படுபவர் எப்போதும் பேரேட்டில் இருப்பவர்தான்.

வங்கிக் கடனுக்கும் இதே பேரேடுதான் அடிப்படை. ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு 1992-இல் சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைப்பதைச் சோதனை முறையில் தொடங்கியபோது, நிலமோ நகையோ அடமானம் வைக்க முடியாத பெண்களின் சேமிப்பு ஒழுங்கையே நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. இன்றும் இருபது லட்சம் ரூபாய் வரை குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குழு குறைந்தது ஆறு மாதம் இயங்கியிருக்க வேண்டும். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு எழுதுதல் ஆகிய ஐந்தும் தவறாமல் நடந்திருக்க வேண்டும் என்று வங்கியார் பார்ப்பார்கள். வங்கிக் கடன் குழுவின் பெயரில் இருப்பதால், இருவர் விட்ட பாக்கி 15 பேரின் கடனாகவே அங்கே பதிவாகும்.

இப்போது ஒவ்வொருவரும் தங்கள் பாஸ்புக்கைத் திறந்து, கடைசியாகக் கட்டிய தேதி, தொகை, அசல் பாக்கி ஆகிய மூன்றையும் பாருங்கள். எழுத்து வாசிக்கச் சிரமமாக இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஊக்குநர் பேரேட்டிலிருந்து பெயர் பெயராகப் படிப்பார். உங்கள் புத்தகத்தில் உள்ள எண்ணும் அவர் படிக்கும் எண்ணும் ஒரு ரூபாய் மாறினாலும் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள், திருத்தி எழுதிய பிறகு அடுத்த பெயருக்குப் போகலாம்.